38 மாற்றங்கள், 5 வரிகள்

காலை பத்து மணி. சென்னை ஓ.எம்.ஆர். சாலையில் ஓர் அலுவலகத்தின் மூன்றாவது மாடி. மருந்துக் கடைகளுக்கான பில் போடும் செயலியை உருவாக்கும் ஆறு பேர் ஒரு திரையின் முன் வட்டமாக நிற்கிறார்கள். அந்த ஆறு பேரில் நானும் ஒருவன். முதலில் பேசுகிறவர் சொல்கிறார்: “நேத்து ரீஃபண்ட் டிக்கெட்ல வேலை பார்த்தேன். இன்னைக்கும் அதேதான் பார்க்கப் போறேன். பிளாக்கர் எதுவும் இல்லை.” எல்லோரும் தலையாட்ட, அடுத்தவர் தொடங்குகிறார்.

அவர் சொன்னதில் பொய் எதுவும் இல்லை. ஆனாலும் அவருக்குப் பக்கத்தில் நின்ற சோதனையாளருக்கு ஒரு நாள் வீணானது. அந்த ரீஃபண்ட் வேலை முந்தின நாளே சரிபார்ப்புக்குப் போய்விட்டது என்று அவருக்குத் தெரியும். இன்று மதியம் தன்னிடம் வந்துவிடும் என்று எண்ணி, சோதனைக்கான போலிக் கணக்குகளைக் காலை முழுக்கத் தயார் செய்தார். அந்த டிக்கெட் முந்தின நாள் மாலை நான்கு இருபதுக்கே திரும்பி வந்திருந்தது அவருக்குத் தெரியாது. அது எங்கள் கணினியில் நிமிடக் கணக்கோடு பதிவாகியிருந்தது. பதிவில் இருந்த செய்தி, நின்று பேசிய பதினைந்து நிமிடத்தில் யார் வாயிலிருந்தும் வரவில்லை.

இப்படி நின்றுகொண்டு நடத்தும் கூட்டத்துக்கு ஸ்டாண்ட்-அப் என்று பெயர். கென் ஷ்வாபரும் ஜெஃப் சதர்லேண்டும் 1995-இல் உலகுக்கு அறிமுகப்படுத்திய ஸ்க்ரம் என்ற வேலைமுறையில் இது தினமும் நடக்க வேண்டிய ஒன்று. 15 நிமிடத்துக்கு மேல் போகக்கூடாது. உட்கார்ந்தால் பேச்சு நீளும் என்பதால்தான் நிற்கும் பழக்கம் வந்தது. நேற்று என்ன செய்தேன், இன்று என்ன செய்வேன், எனக்கு எது தடை என்று ஒவ்வொருவரும் மூன்று கேள்விகளுக்குப் பதில் சொல்வது நெடுநாள் வழக்கம். அந்த முறையின் கையேடு 2020-இல் திருத்தப்பட்டபோது இந்த மூன்று கேள்விகள் அதிலிருந்து எடுக்கப்பட்டன. ஆனால் அலுவலகங்களில் அவை இன்னும் போகவில்லை.

மூன்றில் முதல் கேள்விதான் நேரத்தைத் தின்கிறது. ஆறு பேருக்குப் பதினைந்து நிமிடம் என்றால் ஆளுக்கு இரண்டரை நிமிடம். அதில் பாதி, நேற்று என்ன செய்தோம் என்று நினைவுபடுத்திக்கொள்வதிலேயே போய்விடும். நேற்று நடந்தது ஏற்கெனவே எழுதப்பட்டிருக்கும்போது அதை நினைவிலிருந்து தோண்டி எடுக்கத் தேவையில்லை. அதைச் சுருக்கி ஐந்தாறு வரியாக்கி, கூட்டத்துக்குக் கால் மணி நேரம் முன்பே எல்லோருக்கும் அனுப்பிவிட்டால், நிற்கும் பதினைந்து நிமிடமும் இன்றைய வேலைக்குக் கிடைக்கும். அந்த ஐந்து வரியை எப்படி எடுப்பது என்பதை, எங்கள் குழுவின் அந்த ஒரு நாளை வைத்தே சொல்கிறேன்.

‘நேற்று’ எங்கே தொடங்குகிறது?

எங்கள் வேலைகள் எல்லாம் ஜிரா என்ற மென்பொருளில் இருந்தன. ஆஸ்திரேலியாவின் அட்லாசியன் நிறுவனம் 2002-இல் வெளியிட்டது அது. ஒவ்வொரு வேலையும் அதில் ஒரு டிக்கெட். டிக்கெட்டுக்கு ஓர் எண், அதைச் செய்யும் ஆளின் பெயர், கெடு, முன்னுரிமை, அது எந்தக் கட்டத்தில் இருக்கிறது என்ற நிலை எல்லாம் உண்டு. இவற்றில் எதை யார் மாற்றினாலும், எந்த நேரத்தில் எதிலிருந்து எதற்கு மாற்றினார் என்று அந்த டிக்கெட்டின் வரலாற்றுப் பக்கத்தில் ஒரு வரி சேர்ந்துவிடும். கடைக்காரரின் நாள்பேரேடு போலத்தான்.

சுருக்கம் எழுதுகிறவர் முதலில் தீர்மானிக்க வேண்டியது, எந்த நேரத்திலிருந்து எந்த நேரம் வரை என்பது. நள்ளிரவு முதல் நள்ளிரவு வரை என்றுதான் பலரும் எடுக்கிறார்கள். அதில் ஒரு சிக்கல் உண்டு. எங்கள் குழுவில் ஒருவர் நியூயார்க்கிலிருந்து வேலை பார்த்தார். அங்கே கோடைக்காலத்தில் செவ்வாய் மாலை மூன்று மணி என்றால் இங்கே புதன் அதிகாலை பன்னிரண்டரை. நம் நள்ளிரவு அவருடைய வேலை நாளின் நடுவே விழுகிறது. அவர் மாலையில் முடித்தது நம் ‘நேற்று’க்குள் வராது. இன்று காலை நடந்தது என்று கணினி எண்ணிக்கொள்ளும். ஆகவே கடைசி ஸ்டாண்ட்-அப் முடிந்த நேரத்திலிருந்து இந்த நிமிடம் வரை என்று வைத்துக்கொள்வதே சரி. திங்கட்கிழமையானால் வெள்ளிக்கிழமை ஸ்டாண்ட்-அப்பிலிருந்து.

அடுத்தது, அந்த நேரத்துக்குள் தொடப்பட்ட டிக்கெட்டுகளைத் திரட்டுவது. ஜிராவின் தேடல் பெட்டியில் இதைத் தட்டினால் போதும்:

```
project = BILL AND updated >= startOfDay("-1d")
```

நேற்று நள்ளிரவு பிறந்ததிலிருந்து கை பட்ட டிக்கெட்டுகள் எல்லாம் வரும். நேற்று காலை பத்துக்கு முந்தைய வரிகளைப் படிக்கும்போது தள்ளிக்கொள்ளலாம். திங்கட்கிழமை `-1d` என்பதை `-3d` என்று மாற்ற வேண்டும். ‘நேற்று மட்டும்தானே வேண்டும், இன்று நள்ளிரவோடு நிறுத்தலாமே’ என்று இதற்கு மேல்வரம்பு போடத் தோன்றும். போட்டால் டிக்கெட்டுகள் காணாமல் போகும். `updated` என்பது கடைசியாகத் தொட்ட நேரத்தை மட்டுமே வைத்திருக்கிறது. நேற்று முழுக்க வேலை நடந்த டிக்கெட்டில் இன்று காலை ஒன்பதரைக்கு யாராவது ஒரு கமா திருத்தினால், அதன் நேரம் இன்றைக்கு மாறிவிடும். நேற்றைய பட்டியலிலிருந்து அது விழுந்துவிடும். அதிகம் வேலை நடக்கும் டிக்கெட்டைத்தான் காலையிலேயே யாராவது திறந்து தொடுவார்கள் என்பதால், முக்கியமானவைதான் இப்படி விழும்.

நிலை மாறியவற்றை மட்டும் தேட `status CHANGED` என்று வேறொரு வழியும் உண்டு. ஆனால் நிலை, ஆள், முன்னுரிமை போன்ற சில புலங்களுக்கு மட்டுமே அது செல்லும். கெடு தேதி மாறினால் அதைக் கொண்டு கண்டுபிடிக்க முடியாது. அதனால் அகலமாக வலை வீசிவிட்டு, வந்த டிக்கெட்டுகளின் வரலாற்றைத் திறந்து படிப்பதே என் வழக்கம்.

பதரைப் புடைப்பது

அன்று காலை எனக்குக் கிடைத்தவை 38 வரிகள். அதில் 14 வரிகள், ஒருவர் 14 டிக்கெட்டுகளைச் சேர்த்துப் பிடித்து ஒரே சொடுக்கில் ஒட்டிய லேபிள். ஒரே ஆள், ஒரே மாற்றம், சில விநாடி இடைவெளி என்று இருந்தால் அது மொத்தமாகச் செய்த மாற்றம். இன்னும் 6 வரிகள், டிக்கெட்டைப் பட்டியலில் மேலேயோ கீழேயோ இழுத்து வைத்தபோது விழுந்தவை. 3 வரிகள் விளக்கத்தில் எழுத்துப்பிழை திருத்தியது. ஆக 23 வரிகள் பதர். மீதி 15.

அந்தப் பதினைந்தில் நான்கு வரிகள் BILL-47 என்ற டிக்கெட்டுக்குரியவை. பில் தொகையில் பைசாவை ரூபாயாக முழுமையாக்கும் கணக்கு அது. சரிபார்ப்பிலிருந்து சோதனைக்குப் போனது ஒரு வரி, சோதனையாளர் பெயருக்கு மாறியது ஒரு வரி, முடிந்தது என்று நிலை மாறியது ஒரு வரி, அதோடு தானாக விழுந்த ‘தீர்ந்தது’ என்ற குறிப்பு ஒரு வரி. நான்கையும் படித்து அடுக்க வேண்டியதில்லை. நேற்று காலை எங்கே இருந்தது, இன்று காலை எங்கே இருக்கிறது என்ற இரண்டு முனைகளைப் பார்த்தால் போதும்: சரிபார்ப்பில் இருந்தது, முடிந்துவிட்டது. நான்கு வரி ஒரு வரியாகிவிட்டது.

BILL-58-இல் இரண்டு வரிகள். காலையில் யாரோ அதை ‘நடப்பில்’ என்ற கட்டத்துக்கு இழுத்து, அதே நிமிடத்தில் திரும்பவும் பழைய இடத்துக்கே தள்ளியிருக்கிறார்கள். கை தவறி இழுத்தது. இரண்டு முனையும் ஒன்றே என்பதால் சுருக்கத்தில் அதற்கு இடமே இல்லை.

இரண்டு முனைகளை ஒப்பிடும் இந்த முறை எளிதானது. நிரல் எழுதியும் செய்துவிடலாம். பல குழுக்கள் அப்படித்தான் செய்கின்றன. ஆனால் இதே முறைதான் எங்கள் சோதனையாளருக்கு ஒரு நாளைக் கெடுத்தது.

இரண்டு முனைகளுக்கு நடுவே

BILL-52, ரீஃபண்ட் டிக்கெட். கடையில் யுபிஐ மூலம் பணம் கட்டி, பில் பாதியில் நின்றுபோனால் பணத்தைத் திருப்பி அனுப்பும் வேலை. முந்தின நாள் அதன் வரலாறு இது:

```
10:40  Status    To Do → In Progress
13:15  Status    In Progress → In Review
13:16  Assignee  Developer → Reviewer
16:20  Status    In Review → In Progress
16:21  Assignee  Reviewer → Developer
```

இரண்டு முனைகளை மட்டும் பார்த்தால், காலையில் தொடங்கப்படாமல் இருந்தது, இப்போது நடப்பில் இருக்கிறது. ஆள் மாறவில்லை. ‘ரீஃபண்ட் வேலை தொடங்கியது’ என்று எழுதிவிட்டுப் போய்விடலாம். நிரல் எழுதியவர் கூட்டத்தில் சொன்னதும் ஏறக்குறைய அதுதான். உண்மையில் அந்த டிக்கெட் சரிபார்ப்பு வரை போய், மூன்று மணி நேரம் அங்கே இருந்து, திரும்பி வந்திருக்கிறது. நடுவில் நடந்ததுதான் செய்தி.

இதற்குப் பிறகு நான் வைத்துக்கொண்ட விதி: முனைகளை ஒப்பிடு; ஆனால் நடுவில் ஒரு வரியாவது பின்னோக்கிப் போயிருந்தால் அந்த டிக்கெட்டைச் சுருக்காதே, திறந்து படி. BILL-58-உம் பின்னோக்கித்தான் போனது. அதற்கும் இதற்கும் வேறுபாட்டைக் காட்டுபவை இடைவெளியும் கருத்துரையும். அங்கே ஒரு நிமிடத்துக்குள் திரும்பியது, யாரும் எதுவும் எழுதவில்லை. இங்கே மூன்று மணி நேரம் ஆகியிருக்கிறது. திரும்பி வந்த மூன்றாவது நிமிடத்தில் சரிபார்த்தவர் ஒரு கருத்துரை எழுதியிருக்கிறார். வங்கியிடமிருந்து பதில் வரத் தாமதமானால் செயலி அதே ரீஃபண்டை இன்னொரு முறை அனுப்புகிறது, ஒரே வாடிக்கையாளருக்கு இரண்டு முறை பணம் போய்விடும் என்பது அதன் சாரம்.

கருத்துரைகள் வரலாற்றுப் பக்கத்தில் வருவதில்லை. அவை வேறு பக்கத்தில் இருக்கும். ‘என்ன மாறியது’ என்பதை வரலாறு சொல்லும். ‘ஏன்’ என்பதற்குப் பெரும்பாலும் கடைசிக் கருத்துரையைத்தான் பார்க்க வேண்டும். அங்கேயும் இல்லையென்றால் ஆளைத்தான் கேட்க வேண்டும். மேசைக்குப் போய், “என்னப்பா, ரீஃபண்ட் ஏன் திரும்பி வந்துச்சு?” என்று கேட்க ஒரு நிமிடம் ஆகும். அந்த ஒரு நிமிடத்தைச் செலவழிக்காமல் எழுதிய சுருக்கம், வரலாற்றின் நகலாக மட்டுமே இருக்கும்.

அசையாமல் கிடப்பவை

மாற்றங்களிலிருந்து எடுக்கும் எந்தச் சுருக்கத்துக்கும் ஒரு குருட்டுப் பக்கம் உண்டு. மாறாதது அதில் தெரியாது. BILL-55, ரசீது அச்சாகும்போது கடைசி வரி வெட்டுப்படும் கோளாறு. நடப்பில் என்ற கட்டத்தில் இருந்தது. நேற்று அதில் ஒரு வரியும் விழவில்லை. முந்தாநாளும் இல்லை. அதனால் என் 38 வரிகளில் அது இல்லவே இல்லை. இப்படிப்பட்டவற்றைத் தனியாகத் தேடித்தான் பிடிக்க வேண்டும்:

```
project = BILL AND status = "In Progress"
AND NOT status CHANGED AFTER startOfDay("-3d")
```

நடப்பில் இருக்கிறது, ஆனால் மூன்று நாளாக நிலை மாறவில்லை என்று இதற்குப் பொருள். எங்கள் வேலைகள் பெரும்பாலும் இரண்டு நாளில் ஒரு கட்டத்தைத் தாண்டிவிடும் என்பதால் மூன்று என்று வைத்தேன். பெரிய வேலைகளைக் கையாளும் குழு ஐந்து என்று வைக்கலாம். சனி, ஞாயிறு இடையில் வந்தால் அதையும் சேர்த்துக்கொள்ள வேண்டும். BILL-55 இந்த வலையில் விழுந்தது. கேட்டபோது, கடைகளில் இருக்கும் அதே மாதிரி ரசீது பிரிண்டர் ஒன்று வந்தால்தான் மேற்கொண்டு செய்ய முடியும், வாங்கித் தரச் சொல்லி மெயில் போட்டிருக்கிறேன் என்றார் அதைச் செய்கிறவர். நான்கு நாளாக அவரும் ‘அதே வேலைதான்’ என்றே கூட்டத்தில் சொல்லிவந்திருந்தார். பிரிண்டர் வாங்கும் அதிகாரம் உள்ளவரும் அதே வட்டத்தில்தான் தினமும் நின்றுகொண்டிருந்தார்.

இன்னொரு டிக்கெட், BILL-60. மருந்தின் காலாவதித் தேதி நெருங்கினால் கடைக்காரருக்கு எச்சரிக்கை காட்டுவது. அதில் இரண்டே வரிகள்: முன்னுரிமை நடுத்தரத்திலிருந்து உயர்வுக்கு மாறியது, கெடு 24-ஆம் தேதியிலிருந்து 20-ஆம் தேதிக்கு முன்னால் வந்தது. யாரும் அதில் வேலை செய்யவில்லை. யார் பெயரிலும் அது இல்லை. ஆளுக்கு ஆள் ‘நான் என்ன செய்தேன்’ என்று சொல்லும் கூட்டத்தில் இதைச் சொல்ல ஒருவரும் இருக்கமாட்டார்கள்.

எழுதும் விதம்

மீதமிருந்தவை சிறியவை. BILL-49 தொடங்கப்பட்டிருந்தது. BILL-61 ஒருவரிடமிருந்து இன்னொருவருக்குக் கைமாறியிருந்தது. இனி எழுதலாம். எதை எழுதுவது, எதை விடுவது என்று தயங்கும்போது ஒரு கேள்வி போதும்: இதைப் படித்தால் வேறொருவர் இன்று செய்யப்போகும் வேலை மாறுமா? மாறும் என்றால் ஒரு முழு வாக்கியம். மாறாது என்றால் எண்ணை மட்டும் குறித்தால் போதும், அல்லது விட்டுவிடலாம். அந்தப் புதன்கிழமை எழுதியிருக்க வேண்டிய சுருக்கம் இது:

*முடிந்தது:* பைசா முழுமையாக்கல் (BILL-47). சோதனையும் ஆயிற்று, கடைகளுக்கு அனுப்பலாம்.

*திரும்பி வந்தது:* யுபிஐ ரீஃபண்ட் (BILL-52). வங்கி பதில் தாமதமானால் பணம் இரண்டு முறை போகிறது. இன்று சரிசெய்யப்படும், சோதனைக்கு நாளைக்கு முன் வராது.

*நிற்கிறது:* ரசீது வெட்டுப்படுதல் (BILL-55), நான்காவது நாள். பிரிண்டர் வரவில்லை. யார் வாங்கித் தருவது?

*மாறியது:* காலாவதி எச்சரிக்கை (BILL-60) உயர் முன்னுரிமை, கெடு 20-ஆம் தேதி. இன்னும் யாரும் எடுக்கவில்லை.

*கையில் எடுத்தவை:* BILL-49, BILL-61.

டிக்கெட் எண்ணை மட்டும் போட்டால் பாதிப் பேருக்கு எதுவும் புரியாது. அதனால் வேலையின் பெயர் முன்னால், எண் அடைப்புக்குறிக்குள். ‘நடந்துகொண்டிருக்கிறது’ என்ற சொல்லை நான் எழுதுவதில்லை. அது எந்த டிக்கெட்டுக்கும் பொருந்தும், யாருக்கும் எதையும் சொல்லாது. நிற்கும் வேலைக்கு எத்தனையாவது நாள் என்பதையும், யாரிடமிருந்து எது வர வேண்டும் என்பதையும் சேர்த்தே எழுத வேண்டும். கைபேசித் திரையில் விரலால் தள்ளாமல் முழுதும் தெரிந்தால் நீளம் சரி.

இந்தச் சுருக்கத்தில் ஆட்களின் பெயரே இல்லை என்பதைக் கவனித்திருப்பீர்கள். பெயர் வாரியாக எழுதினால் என்ன ஆகும் என்பதையும் பார்த்திருக்கிறேன். ஒருவருக்கு ஒன்பது மாற்றம், இன்னொருவருக்கு ஒன்றுமில்லை என்று கண்ணில் படும். அன்று ‘ஒன்றுமில்லை’ ஆனவர் எங்கள் மூத்த நிரலாளர். மதியம் முழுக்கப் புதிதாகச் சேர்ந்தவரின் பக்கத்தில் உட்கார்ந்து சொல்லிக்கொடுத்துக்கொண்டிருந்தார். கடைக்காரர் ஒருவர் தொலைபேசியில் அழைத்தபோது அரை மணி நேரம் பொறுமையாகப் பேசியதும் அவர்தான். இவை எதுவும் டிக்கெட்டில் ஏறுவதில்லை. ஆனால் எண்ணிக்கை கண்ணில் பட்ட அடுத்த வாரமே, ஆட்கள் ஒரு வேலையை மூன்று டிக்கெட்டாக உடைத்து, மணிக்கு ஒரு முறை நகர்த்தத் தொடங்கினார்கள். பதர் பெருகியதே தவிர வேலை பெருகவில்லை. எனவே வேலையின் பெயரில் எழுதுங்கள். அனுப்பும் முன், அந்தந்த வேலையைச் செய்கிறவர் தன் வரியை ஒரு முறை பார்த்துத் திருத்த இடம் கொடுங்கள். டிக்கெட்டில் ஏறாததை அவர்கள் அப்போது சொல்லிவிடுவார்கள்.

சுருக்கம் பயன்படுகிறதா என்று அறிய எளிய அடையாளம் உண்டு. ஒரே வரி மாறாமல் மூன்று நாள் வந்தால், எழுதுகிறவர் நேற்றையதை நகல் எடுக்கிறார் அல்லது யாரும் அதைப் படிப்பதில்லை. கூட்டத்தில் யாரும் ஒரு கேள்வியும் கேட்கவில்லை என்றால், எழுதியவை யாருடைய வேலையையும் தொடாதவை. நல்ல சுருக்கம் வந்த நாளில் பேச்சு முதல் வரியில் தொடங்காது. ‘திரும்பி வந்தது’, ‘நிற்கிறது’ என்ற வரிகளில் தொடங்கும்.

அடுத்த நாள், வியாழக்கிழமை, ஒன்பதே முக்காலுக்கு இந்த முறையில் எழுதிய முதல் சுருக்கத்தை அனுப்பினேன். பத்து மணிக்கு வட்டமாக நின்றதும் யாரும் ‘நேத்து’ என்று தொடங்கவில்லை. “அந்தப் பிரிண்டர் இன்னும் வரலையா? எனக்கு ஏன் யாரும் சொல்லலை?” என்றார் மேலாளர். இன்னொரு கிளையில் சும்மா இருந்த பிரிண்டர் அன்று மாலையே வந்து சேர்ந்தது. சோதனையாளர் ரீஃபண்ட் வரியைப் படித்துவிட்டு, அது தன்னிடம் வரும்வரை காலாவதி எச்சரிக்கைக்கான சோதனைகளை எழுதிவைப்பதாகச் சொன்னார். கூட்டம் ஒன்பது நிமிடத்தில் முடிந்தது.